குறுக்குக் கோடு இல்லாத வளையம்

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃப்ரைபுர்க் நகரத்தில் என் சித்தப்பா மகன் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது வாடகைக்கு ஒரு காரை எடுத்துக்கொண்டு, அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து, கருங்காட்டுப் பகுதியின் சிற்றூர்களில் நான்கு நாட்கள் ஓட்டினேன். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கையில் இருந்தது. கோயம்புத்தூரில் இருபது ஆண்டுகள் கார் ஓட்டிய துணிச்சலும் இருந்தது. முதல் நாள் மதியமே, வெள்ளை வட்டத்தைச் சுற்றி சிவப்பு வளையம் மட்டும் இருந்த ஒரு பலகையைக் கடந்து, ஒரு குறுகிய தெருவுக்குள் காரைச் செலுத்திவிட்டேன். வளையத்துக்குள் படம் இல்லை, எண் இல்லை, எழுத்து இல்லை. எதையோ எழுத மறந்துவிட்டார்கள் போலும் என்றுதான் நினைத்தேன். இருபது மீட்டர் போவதற்குள் எதிரே நடந்துவந்த ஒரு முதிய பெண்மணி நின்று, ஆட்காட்டி விரலை உயர்த்தி இடமும் வலமுமாக ஆட்டினார்.

"அண்ணா, அது எல்லா வண்டிக்கும் தடை. உள்ளே எதுவும் போடலன்னா எதுவுமே வரக்கூடாதுன்னு அர்த்தம்" என்றான் தம்பி. பின்னோக்கியே வெளியே வந்தோம்.

அன்று இரவு நான் யோசித்தது அந்தப் பலகையைப் பற்றியல்ல, அதை நான் ஏன் தடையாகப் படிக்கவில்லை என்பதைப் பற்றித்தான். நம் ஊரில் தடை என்றால் கண் தேடுவது குறுக்குக் கோட்டை. லாரி வரக்கூடாது, மாட்டுவண்டி வரக்கூடாது, ஒலிப்பான் அடிக்கக்கூடாது என்று சொல்லும் நம் பலகைகளில் படத்தின் மேல் ஒரு சிவப்புக் கோடு சாய்வாக ஓடும். அந்தக் கோடுதான் 'கூடாது' என்று பழகிவிட்டது. ஐரோப்பியச் சாலைகளிலோ 'கூடாது' என்று சொல்வது சிவப்பு வளையம்தான். 1968-இல் வியன்னாவில் உருவான சாலைக் குறியீடுகள் உடன்படிக்கையின் அடிப்படை ஒழுங்கு அது. வளையம் தடையைச் சொல்கிறது. உள்ளே இருக்கும் படம் யாருக்குத் தடை என்பதைச் சொல்கிறது. லாரிப் படம் இருந்தால் லாரிக்குத் தடை. மேலே மோட்டார் சைக்கிளும் கீழே காரும் இருந்தால் இரண்டுக்கும் தடை. உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால் எல்லா வண்டிகளுக்கும் தடை. வேடிக்கை என்னவென்றால், அந்த வெற்று வளையம் இந்தியாவின் அதிகாரபூர்வக் குறியீட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. சாலையில் நான் பார்த்த நினைவுதான் இல்லை.

இதில் அதிகம் ஏமாற்றுவது சைக்கிள். சிவப்பு வளையத்துக்குள் கறுப்பு சைக்கிள் வரைந்த பலகையும், நீல வட்டத்துக்குள் வெள்ளை சைக்கிள் வரைந்த பலகையும் ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருக்களில் நிற்கும். முதலாவது, சைக்கிள் இந்தப் பக்கம் வரக்கூடாது என்கிறது. இரண்டாவது, சைக்கிள் இந்தத் தடத்தில்தான் போகவேண்டும் என்கிறது. படம் இரண்டிலும் ஒன்றேதான். பொருளைப் புரட்டிப்போடுவது வண்ணம் மட்டுமே. படத்தை மட்டும் பார்க்கும் சுற்றுலாப் பயணி இரண்டையுமே 'சைக்கிள் பாதை' என்று எடுத்துக்கொண்டு, தடை செய்யப்பட்ட தெருவில் நிம்மதியாக மிதித்துக்கொண்டு போவதை நானே பார்த்தேன். அதனால் நான் எனக்கு ஒரு வரிசையை வைத்துக்கொண்டேன்: முதலில் வெளிவடிவம், பிறகு வண்ணம், கடைசியில்தான் படம். பழக்கத்தில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர்.

தடை வளையத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரு சிறு வெள்ளைத் துணைப்பலகை தொங்கும். அதில் 'ஃப்ரை' என்று முடியும் ஒரு சொற்றொடர் இருந்தால், அது விலக்கு. நம் காதில் அந்தச் சொல் 'இலவசம்' என்று விழும். பொருள் அதுவல்ல, 'இவர்களுக்குத் தடையில்லை' என்பதுதான். 'அன்லீகர் ஃப்ரை' என்றிருந்தால், அந்தத் தெருவில் வசிப்பவர்களும், அங்குள்ள வீட்டுக்கோ கடைக்கோ ஒரு காரியமாக வருபவர்களும் போகலாம். குறுக்கு வழியாகக் கடந்துபோக மட்டும் முடியாது. சைக்கிள் படமும் 'ஃப்ரை'யும் சேர்ந்திருந்தால் சைக்கிள்காரர் மட்டும் போகலாம். நான் நுழைந்த தெருவில் துணைப்பலகை எதுவும் இல்லை. மன்னிப்புக்கு இடமே வைக்காத வளையம் அது.

அப்படியானால் ஜெர்மனியில் குறுக்குக் கோடு என்ன சொல்கிறது? பெரும்பாலும் 'முடிந்தது' என்று சொல்கிறது. இரண்டாம் நாள் ஊருக்கு வெளியே 70 என்று வளையமிட்ட வேக வரம்பைப் பின்பற்றிப் போய்க்கொண்டிருந்தோம். சற்று நேரத்தில் சிவப்பே இல்லாத ஒரு வட்டப் பலகை வந்தது: வெளிறிய சாம்பல் நிறத்தில் 70, அதன் மேல் கறுப்புச் சாய்கோடுகள். என் பழைய கண்ணுக்கு அது '70-இல் போகாதே' என்பதுபோல் பட, இன்னும் மெதுவாக்கினேன். உண்மையில் அது 70 என்ற வரம்பு அத்துடன் முடிகிறது என்ற அறிவிப்பு. பின்னால் வந்தவர் பொறுமையோடு வந்தது அவருடைய பெருந்தன்மை. எண்ணே இல்லாமல் வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடுகள் மட்டும் இருந்தால், அதுவரை இருந்த வேக வரம்பும் முந்தத் தடையும் எல்லாமே முடிகின்றன. ஆனால் முடிந்த பிறகு என்ன வேகம் என்பதைப் பலகை சொல்லாது. சாலையின் வகைதான் சொல்லும். ஊருக்கு வெளியே உள்ள சாதாரணச் சாலையில் கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வரை போகலாம். அதே பலகை ஆட்டோபான் நெடுஞ்சாலையில் வந்தால் கட்டாய வரம்பே கிடையாது. 130 என்பது பரிந்துரை மட்டும்.

ஊர்ப்பெயர்ப் பலகையும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. மஞ்சள் செவ்வகத்தில் கறுப்பு எழுத்தில் ஊரின் பெயர் வந்தால், அது வெறும் பெயர் அன்று; அந்தக் கம்பத்திலிருந்து வேகம் 50 என்ற ஆணை. 50 என்ற எண் எங்கும் எழுதியிருக்காது. ஊரை விட்டு வெளியேறும்போது அதே பெயரின் மேல் சிவப்புச் சாய்கோடு போட்டிருக்கும். முதல் முறை பார்த்தபோது, பாவம், இந்த ஊரின் மேல் இவர்களுக்கு என்ன கோபமோ என்றுதான் தோன்றியது. ஊர் முடிந்தது, 50 என்ற வரம்பும் முடிந்தது, அவ்வளவுதான்.

கட்டடத்துக்குள் நுழைந்ததும் இந்த இலக்கணம் மாறிவிடுகிறது. தம்பியின் அலுவலகத்தைப் பார்க்கப் போனபோதுதான் அதைக் கவனித்தேன். பணியிடங்களிலும் பொதுக் கட்டடங்களிலும் உள்ள பாதுகாப்புக் குறிகள் ஐ.எஸ்.ஓ. 7010 என்ற வேறொரு தரநிலையின்படி அமைகின்றன. அங்கே சிவப்பு வளையத்தோடு சாய்கோடும் கட்டாயம் இருக்கும். சிகரெட் படத்தின் மேல் கோடு இருந்தால் புகைக்கக்கூடாது; நம் பழைய கண்ணே போதும். நீல வட்டம் இங்கும் சாலையைப் போலவே 'செய்தே ஆகவேண்டும்' என்கிறது: தலைக்கவசம் அணி, காதை மூடு. எச்சரிக்கை மட்டும் வேறு உடையில் வருகிறது. ஜெர்மன் சாலையில் எச்சரிக்கை என்பது சிவப்பு விளிம்புள்ள வெள்ளை முக்கோணம். கட்டடத்தில் அது கறுப்பு விளிம்புள்ள மஞ்சள் முக்கோணம். மின்னல் வடிவ அம்பு இருந்தால் மின்சாரம். பச்சைச் செவ்வகமும் பச்சைச் சதுரமும் தப்பும் வழி, முதலுதவி, கூடும் இடம் ஆகியவற்றுக்கு உரியவை. சிவப்புச் சதுரம் தீயணைப்பானுக்கும் தீ எச்சரிக்கைப் பொத்தானுக்கும். ஆக, கட்டடத்தில் சிவப்பு வட்டமாக இருந்தால் 'செய்யாதே', சதுரமாக இருந்தால் 'இது இங்கே இருக்கிறது, தேவைப்பட்டால் எடு'. வண்ணம் ஒன்றாக இருந்தாலும் பொருளைப் பிரிப்பது வடிவம்.

வடிவத்துக்கு ஏன் இவ்வளவு முதன்மை என்பதைக் கருங்காட்டின் பனி காட்டிக்கொடுத்தது. நாங்கள் போனது மார்ச் மாதம். மேட்டுப் பகுதிகளில் இன்னும் பனி ஒட்டியிருந்தது. ஒரு சந்திப்பில் பலகையின் முகம் முழுவதும் வெள்ளையாக மூடிக் கிடந்தது. எழுத்தும் தெரியவில்லை, சிவப்பும் தெரியவில்லை. எட்டு மூலைகள் மட்டும் தெரிந்தன. எண்கோணம் நிறுத்தப் பலகைக்கு மட்டுமே உரியது. தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு' என்பதற்கு மட்டுமே உரியது. இவை இரண்டையும் வேறெதற்கும் பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்திருப்பதால், பலகையின் பின்புறத்தைப் பார்த்தும் பொருளைச் சொல்லிவிடலாம். இந்தப் பின்புறப் பார்வையைத் தம்பி எனக்குக் கற்றுக்கொடுத்தான். ஒரு சந்திப்பை நெருங்கும்போது குறுக்குத் தெருவின் வாயில் நிற்கும் பலகையின் சாம்பல் நிற முதுகைப் பார்க்கவேண்டும். அது எண்கோணமாகவோ கீழ்நோக்கிய முக்கோணமாகவோ இருந்தால், அந்தத் தெருவிலிருந்து வருபவருக்குத்தான் காத்திருக்கும் கடமை. எதுவும் இல்லையென்றால் என் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கவேண்டும்.

(இந்த வடிவ ஒதுக்கீடு உலகம் முழுவதும் ஒன்று என்று நம்பிவிடக்கூடாது. ஜப்பானில் நிறுத்தப் பலகையே சிவப்பு நிறத் தலைகீழ் முக்கோணம்தான். நம் பழக்கப்படி 'வழிவிடு' என்று படித்து, மெதுவாக உருண்டு போய்விட்டால் அங்கே அது விதிமீறல். சக்கரம் முழுவதுமாக நிற்கவேண்டும்.)

யாருக்கு முன்னுரிமை என்ற கேள்விதான் ஜெர்மன் சாலையில் எல்லாவற்றுக்கும் மையம். அதற்கான பலகை, வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் சாய்சதுரம். நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள், குறுக்கே வருபவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள் என்று அது சொல்கிறது. இலங்கையிலும் மலேசியாவிலும் ஓட்டப் பழகிய தமிழர்களுக்கு இது நேரெதிராகப் படும். அங்கே மஞ்சள் சாய்சதுரம் எச்சரிக்கைப் பலகையின் வடிவம், உள்ளே வளைவோ விலங்கோ வரைந்திருக்கும். ஜெர்மனியின் சாய்சதுரத்துக்குள் எதுவும் வரைந்திருக்காது. அதன் மேல் கறுப்புச் சாய்கோடுகள் வந்தால், மறுபடியும் அதே இலக்கணம்: முன்னுரிமை முடிந்தது.

போக்குவரத்து விளக்குக் கம்பத்திலேயே இந்தச் சாய்சதுரமும் தலைகீழ் முக்கோணமும் மாட்டியிருப்பதைக் கண்டு முதலில் குழம்பினேன். விளக்கு எரியும்வரை விளக்குதான் பேசும். பலகை வாய்மூடி நிற்கும். இரவில் பல ஊர்களில் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அப்போது பலகை பேசத் தொடங்கும்.

சாய்சதுரத்தின் கீழே சில இடங்களில் ஒரு வெள்ளைத் துணைப்பலகை இருக்கும். சந்திப்பின் வரைபடம் அதில் சிறியதாக வரைந்திருக்கும்: ஒரு தடித்த கறுப்புக் கோடு, இரண்டு மெல்லிய கோடுகள். கீழ்முனை நாம் இருக்கும் இடம். தடித்த கோடு எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம்தான் முன்னுரிமைச் சாலை போகிறது. மூன்றாம் நாள் நான் செய்த பிழை இங்கேதான் நடந்தது. துணைப்பலகையில் தடித்த கோடு கீழிருந்து இடப்பக்கம் வளைந்தது. நேரே எதிரிலும் வலப்பக்கத்திலும் மெல்லிய கோடுகள். நான் இடப்பக்கம் போகவேண்டும். பெரிய சாலையோடு சேர்ந்தே வளைகிறோம், வேறு சாலைக்கு மாறவில்லையே என்ற எண்ணத்தில் இண்டிகேட்டர் போடவில்லை. எதிரே மெல்லிய கோட்டின் முனையில் ஒரு சிறிய கார் காத்திருந்தது. நான் சந்திப்புக்குள் நுழைந்ததும் அதுவும் கிளம்பிவிட்டது. "அண்ணா, பிரேக்!" என்று தம்பி கத்தினான். இரண்டு கார்களும் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் மூக்கோடு மூக்காக நின்றன.

எனக்குத்தான் முன்னுரிமை, அதில் ஐயமில்லை. ஆனால் எதிர்க்கார் ஓட்டுநரின் இடத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. தடித்த கோட்டின் வழி வளைந்து போகிறவர் கட்டாயம் இண்டிகேட்டர் போடவேண்டும் என்பது அந்த நாட்டின் விதி. போடாத வண்டி நேராகப் போகிறது என்றுதான் பொருள். நான் நேராகப் போவதாயிருந்தால், எதிரிலிருந்து அவரும் நேராக வரலாம்; இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று தொடாது. எனவே என் மௌனத்தை அவர் சரியாகவே படித்தார். பலகையைப் படிக்கத் தெரிந்தும் அது என்னிடம் எதிர்பார்த்த பதிலைச் சொல்லாமல் விட்டது என் குற்றம். கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டேன். அவரும் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுப் பின்வாங்கி வழிவிட்டார்.

சாய்சதுரமும் இல்லை, முக்கோணமும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் 'வலமிருந்து வருபவருக்கு முதலிடம்' என்ற பொதுவிதி தானாக நடைமுறைக்கு வருகிறது. சில இடங்களில் இதை நினைவூட்ட, சிவப்பு முக்கோணத்துக்குள் கறுப்புப் பெருக்கல் குறி போட்ட பலகை இருக்கும். நம் ஊரின் குறுக்குச் சாலைப் பலகையில் இருப்பது கூட்டல் குறி. அது முன்னே சந்திப்பு இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. குடியிருப்புத் தெருக்களில் அந்த நினைவூட்டலும் இருக்காது. வெள்ளைச் சதுரப் பலகைக்குள் 30 என்ற வளையமும் 'ட்ஸோன்' என்ற சொல்லும் இருந்தால், அந்த வட்டாரம் முழுவதற்கும் ஒரே அறிவிப்பு அதுதான். வளையத்தைச் சதுரத்துக்குள் வைத்துவிட்டால் தடை ஒரு சாலைக்கு அல்ல, ஒரு வட்டாரத்துக்கே. வெளியேறும் இடத்தில் கோடு போட்ட சதுரம் வரும்வரை அது தொடரும். உள்ளே உள்ள சந்துகள் ஒவ்வொன்றிலும் வலமிருந்து வருபவருக்கே முதலிடம் என்பதுதான் அங்குள்ள இயல்பு நிலை.

எழுத்தளவில் நம் நாட்டிலும் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிடவேண்டும் என்றுதான் விதி இருக்கிறது. நடைமுறையில் ஒலிப்பான்தான் தீர்ப்பு வழங்குகிறது. ஆனால் விதியைப் பின்பற்றிப் பழகியவருக்குக்கூட ஜெர்மனியில் ஒரு வேறுபாடு உறைக்கும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால், வலமிருந்து வருபவர் எதிர்த் தடத்தைத் தாண்டித்தான் நம் தடத்துக்கு வரவேண்டும்; ஒரு தடத்தின் அகலம் நமக்கு அவகாசம். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால், வலமிருந்து வருபவர் சந்தின் வாயைத் தாண்டிய நொடியிலேயே நம் முன்சக்கரத்தருகே இருப்பார். மூலை வீட்டின் சுவரும் வேலியும் அவரைக் கடைசிவரை மறைத்திருக்கும். ஆகையால் அங்குள்ளவர்கள் ஒவ்வொரு சந்துக்கும் முன்னால் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, வலப்பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்தேன்.

எல்லாத் திறப்பும் சந்து அல்ல என்பதையும் சொல்லவேண்டும். சந்தின் வாயில் நடைபாதையின் ஓரக்கல் தாழ்த்தப்பட்டு, அதன் மேல் ஏறி இறங்கித்தான் வண்டி வெளியே வரவேண்டும் என்றிருந்தால், அதிலிருந்து வருபவருக்கு முன்னுரிமை கிடையாது, அவர்தான் காத்திருக்கவேண்டும். இங்கே பலகையின் வேலையைக் கல் செய்கிறது. ஆனால் ஓடும் காரிலிருந்து ஓரக்கல்லைப் படிப்பது எளிதல்ல. ஐயம் வந்தால் நான் வழிவிட்டேன். தம்பி சில இடங்களில் சிரித்தான்.

கடைசி நாள் மாலை, ஃப்ரைபுர்க்கில் ஒரு ரொட்டிக்கடை இருந்த தெருவில் காரை நிறுத்த இடம் தேடினோம். நீல வட்டத்தில் சிவப்பு வளையமும் சிவப்புக் கோடும். இங்கே கோடு நம் பழைய பொருளிலேயே நிற்கிறது, நம் ஊர்ப் பலகையைப் போலவே: ஒரு கோடு என்றால் வண்டியை நிறுத்திவைக்கக்கூடாது, இரண்டு கோடுகள் குறுக்காக வெட்டினால் நிற்கவே கூடாது. ஒரு கோட்டுப் பலகையின் கீழ் மூன்று நிமிடம் வரை நிற்கலாம். ஆள் ஏற்றி இறக்கவும் சரக்கு ஏற்றி இறக்கவும் அதற்கு மேலும் விலக்கு உண்டு. குழப்பம் தருவது வட்டத்துக்குள் இருக்கும் சிறிய வெள்ளை அம்புதான். நான் அம்பு காட்டும் பக்கமெல்லாம் தடை என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. அம்பு சாலையை நோக்கியிருந்தால் அந்தக் கம்பத்தில் தடை தொடங்குகிறது. சாலையை விட்டு வெளிப்பக்கம் நோக்கியிருந்தால் அந்தக் கம்பத்தோடு முடிகிறது. இருபுறமும் அம்புகள் இருந்தால் நாம் தடையின் நடுவில் நிற்கிறோம்.

காரை விட்டு இறங்கி, எனக்குப் பின்னால் இருந்த கம்பத்துக்கு நடந்துபோய்ப் பார்த்தேன். அம்பு சாலையை நோக்கியிருந்தது. அங்கே தடை தொடங்கியிருக்கிறது. காரின் நடுப்பகுதிக்கு நேரே நின்ற கம்பத்தில் அம்பு வீட்டுச் சுவரை நோக்கியிருந்தது. என் காரின் பின்பாதி தடைக்குள்ளும் முன்பாதி தடைக்கு வெளியிலும் இருந்தன. மறுபடியும் ஏறி, முன்னால் மூன்று மீட்டர் நகர்த்திவிட்டு இறங்கியபோது, தம்பி ரொட்டிப் பொட்டலத்தோடு கடையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தான்.